வகுப்பறையில் எந்த பெஞ்சுக்கு டீச்சர் குரல் கேட்கவில்லை? சில நூறு ரூபாய் மைக்கால் அளப்பது எப்படி

கடைசி பெஞ்சில், சாலையோர ஜன்னல் பக்கம் உட்காரும் பிள்ளை பாடத்தைக் கவனிப்பதில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் புகார் வரும். கவனிக்கவில்லையா, கேட்கவே இல்லையா? இதற்கு விடை சொல்ல ஒரு சின்ன மைக் மாட்யூலும், ஒரு ஈஎஸ்பி32 போர்டும், ஒரு விடுமுறை நாளும் ஒரு வேலை நாளும் போதும். ஆனால் மீட்டரைச் செய்வது எளிது; அது காட்டும் எண்ணை நம்பலாமா என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி மாநில அரசு அறிவிக்கும் அமைதி மண்டலத்தில் பகல் நேர வரம்பு 50 டெசிபல். அது வெளியே, திறந்தவெளிக்கான கணக்கு. வகுப்பறைக்கு உள்ளே, பாடம் நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ல் தந்த வழிகாட்டுதல். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வையுங்கள். நம்ம மீட்டரால் ஒன்றைத்தான் ஓரளவு அளக்க முடியும்.

எந்த மைக் வேண்டாம்?

கடையில் 'சவுண்ட் சென்சார்' என்று கேட்டால் பெரும்பாலும் கேஒய்-037 வகையைக் கையில் கொடுப்பார்கள். கை தட்டினால் விளக்கு எரிய வைக்க அது போதும், அளக்க உதவாது. அடுத்து, மேக்ஸ்9814. இது நல்ல மைக்தான், ஆனால் அளவீட்டுக்கு இதுவே பெரிய பொறி. சத்தம் குறைந்தால் இது தானாகவே பெருக்கத்தைக் கூட்டும், சத்தம் கூடினால் குறைக்கும். பேச்சைப் பதிவு செய்ய அது வசதி. அளக்க வந்தவருக்கோ, அமைதியான வகுப்பும் கூச்சல் வகுப்பும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தை 10 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். மாட்யூல் மூன்று நான்குதான் ஏறுகிறது என்றால் உள்ளே இந்த வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

இந்த வேலைக்குப் பொருத்தமானது ஐஎன்எம்பி441 என்ற டிஜிட்டல் மைக். தானாக மாறும் பெருக்கம் எதுவும் இதில் கிடையாது. 94 டெசிபல் ஒலி வந்தால் அதன் உச்ச அளவை விட 26 டெசிபல் கீழே எண் தரும் என்று தயாரிப்பாளர் தாளிலேயே இருக்கிறது. ஆக, 120 டெசிபல் அதன் கூரை. கணக்கு இவ்வளவுதான்:

```
sum = 0;
for (i = 0; i < N; i++) sum += x[i] * x[i];
rms = sqrt(sum / N);
L = 120 + 20 * log10(rms * 1.414) + C;
```

இங்கே `x` என்பது -1 முதல் 1 வரை மாற்றிய மைக் மதிப்பு. மைக்கில் எப்போதும் இருக்கும் சிறு நேர்மின் சாய்வை முதலில் கழித்துவிட வேண்டும். `C` என்பது திருத்த எண், அதைக் கண்டுபிடிப்பதுதான் அளவுத்திருத்தம். எண் அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் பதற வேண்டாம். மாட்யூலின் `L/R` முனையை எதிலும் இணைக்காமல் தொங்க விட்டிருப்பீர்கள். அதை `GND`-யில் கொடுங்கள்.

ஒரு படியை மட்டும் தவிர்க்கவே கூடாது: ஏ-எடை வடிகட்டி. மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மந்தமாகத்தான் கேட்கும். அதனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியை 19 டெசிபல் குறைத்தும், 1000 ஹெர்ட்ஸ் ஒலியை அப்படியேயும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம்ம ஊர் வகுப்பறைக்கு இது ரொம்ப முக்கியம், காரணம் சீலிங் ஃபேன். அதன் காற்று மைக்கின் துளையில் நேரடியாக மோதும்போது வரும் உறுமல், வடிகட்டி இல்லாத மீட்டரில் லாரி போனது மாதிரி பதிவாகும். வடிகட்டி போட்டாலும் மைக் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சு உறை இருக்கட்டும்.

எதை வைத்து ஒப்பிடுவது?

ஆய்வகங்களில் 94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸ் ஒலியைத் தரும் கருவியை மைக்கின் தலையில் மாட்டித் திருத்துவார்கள். அது உருளை வடிவ மைக்குகளுக்கானது. நம்ம தட்டை மாட்யூல் அதில் பொருந்தாது, இடுக்கில் காற்று கசிந்தால் எண்ணும் தவறும். அதனால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே நடைமுறை வழி. ஏதாவது பொறியியல் கல்லூரியில் 'கிளாஸ் 2' தர ஒலி மீட்டர் இருந்தால் ஒரு நாள் இரவல் கேளுங்கள். கிடைக்காவிட்டால், அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் இலவசமாகத் தரும் ஒலி மீட்டர் செயலி இருக்கிறது. அது ஐபோனில் மட்டும் ஓடும். ஆய்வகச் சோதனையில் 2 டெசிபலுக்குள் சரியாக இருந்தது.

ஸ்பீக்கரில் 'பிங்க் நாய்ஸ்' ஒலியை ஓட விடுங்கள். ஒற்றைச் சுரம் வேண்டாம். அது சுவரில் பட்டுத் திரும்பி, ஒரு சாண் தள்ளி வைத்தாலே வேறு எண் தரும். இரண்டு மைக்கும் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒன்றுக்கொன்று சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். ஒவ்வொரு நிலையிலும் 30 விநாடி சராசரி எடுங்கள். உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

| ஒப்பீட்டு மீட்டர் | நம்ம மாட்யூல் | வித்தியாசம் |
|---|---|---|
| 80.0 | 77.4 | +2.6 |
| 70.1 | 67.5 | +2.6 |
| 60.2 | 57.6 | +2.6 |
| 50.0 | 47.9 | +2.1 |
| 40.1 | 40.8 | -0.7 |

மேல் மூன்று வரிகளும் ஒரே குரலில் பேசுகின்றன. `C` = 2.6. கீழே வர வர வித்தியாசம் சுருங்கி, கடைசியில் தலைகீழாகிறது. இங்கே மைக் வெளி ஒலியோடு சேர்த்துத் தன் சொந்த முணுமுணுப்பையும் அளக்கிறது. தாள் கணக்கில் இந்த மைக்கின் சொந்த இரைச்சல் 33 டெசிபல். மலிவு போர்டின் மின்சாரத்தில் வைஃபை கலக்கும் இரைச்சலும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஒரே ஒரு நிலையில் மட்டும், அதுவும் 40-ல் திருத்தியிருந்தால், மேலே எல்லா எண்ணும் 3 டெசிபலுக்கு மேல் தவறியிருக்கும்.

ஆகவே இந்த மீட்டர் சுமார் 50-க்கு மேல்தான் நம்பகமானது. வெளிப்புற வரம்பான 50 அதன் விளிம்பில் நிற்கிறது. 35 என்பது இதன் எல்லைக்கே அப்பால். 'எங்கள் வகுப்பு உலகத் தரத்தில் இருக்கிறது' என்று இதை வைத்து யாரும் சான்றிதழ் தர முடியாது. 'தரத்தில் இல்லை' என்று சொல்ல மட்டும் தாராளமாக முடியும்.

வரைபடம் எப்படிப் போடுவது?

8 மீட்டருக்கு 6 மீட்டர் அறை. நீளப் பக்கம் ஒன்றில் சாலையைப் பார்த்த ஜன்னல்கள், எதிர்ப் பக்கம் தாழ்வாரம். 2 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று 4-க்கு 3 கட்டம் போட்டால் 12 இடங்கள். எல்லாமே சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, உட்கார்ந்த பிள்ளையின் காது உயரத்தில், முக்காலியில். கையில் பிடித்தால் உடம்பே ஒலியைத் திருப்பும்.

ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு நிமிடம். சராசரி எடுக்கும்போது டெசிபல் எண்களைக் கூட்டி வகுக்காதீர்கள். 60-க்கும் 70-க்கும் சராசரி 65 அல்ல, 67.4. ஆற்றலாக மாற்றி, சராசரி எடுத்து, மறுபடி டெசிபலாக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: முதல் புள்ளியை அளந்தபோது சாலை காலி, ஏழாவது புள்ளியில் பஸ் ஹாரன். இப்படி வரைந்தால் அது அறையின் வரைபடம் அல்ல, டிராஃபிக்கின் டைரி. இதற்கு வழி, அதே மாதிரி திருத்திய இரண்டாவது மாட்யூலை நடு மேசையில் அசையாமல் வைப்பது. அதன் மொத்த நேரச் சராசரி 57. ஒரு புள்ளியில் நீங்கள் 63 அளந்த அதே இரண்டு நிமிடத்தில் நடு மேசை 60 காட்டியிருந்தால், 3 டெசிபல் சாலையின் கைங்கரியம். அந்தப் புள்ளிக்கு 60 என்று எழுதுங்கள்.

ஜன்னல் திறந்து, ஃபேன் நிறுத்தி, பிள்ளைகள் இல்லாமல் வேலை நாள் காலையில் எடுத்தால் உதாரணமாக இப்படி வரலாம்:

| | முன் வரிசை | 2 | 3 | பின் வரிசை |
|---|---|---|---|---|
| ஜன்னல் பக்கம் | 60 | 61 | 61 | 62 |
| நடு | 57 | 57 | 57 | 58 |
| தாழ்வாரப் பக்கம் | 54 | 54 | 55 | 56 |

இதைக் கணினியில் கொடுத்து வண்ண வண்ணமாகப் பூச ஆசை வரும். 2 டெசிபல் சந்தேகம் உள்ள எண்ணுக்கு ஒவ்வொரு டெசிபலுக்கும் ஒரு நிறம் கொடுப்பது அலங்காரம்தான். 3 டெசிபலுக்கு ஒரு நிறம் போதும்.

ஆனால் இது பாதி விடைதான். பிள்ளைக்குத் தேவை இரைச்சல் எவ்வளவு என்பதல்ல, டீச்சர் குரல் அதற்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. சிறுவர்களுக்கு 15 டெசிபல் மேலே இருக்க வேண்டும் என்பது கேட்டலியலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இதை அளக்க ஒரு விடுமுறை நாளில் டீச்சர் நிற்கும் இடத்தில் ஸ்பீக்கரை வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் 80 வரும்படி பிங்க் நாய்ஸ் ஓட்டி, 12 புள்ளிகளையும் அளங்கள். சற்றே உயர்த்திய குரல் ஒரு மீட்டரில் 65 என்று கொண்டால், எல்லா எண்ணிலும் 15 கழித்தால் குரலின் வரைபடம் கிடைத்துவிடும். நேரடியாக 65-ல் ஓட்டினால் பின் வரிசையில் சாலை இரைச்சல் கலந்துவிடும். அதற்காகத்தான் இந்தச் சுற்று வழி.

பின் வரிசையில் ஸ்பீக்கர் 72 தருகிறது, அதாவது குரல் 57. ஜன்னல் மூலையில் இரைச்சல் 62. குரல் 5 டெசிபல் கீழே மூழ்கிக் கிடக்கிறது. தாழ்வாரப் பக்க முன் வரிசையில் குரல் 61, இரைச்சல் 54. அங்கேயும் 7 தான் மிச்சம். வகுப்பின் நல்ல இடங்களில் ஒன்றுக்கே 15 எட்டவில்லை, பின் மூலைப் பிள்ளையை என்ன சொல்வது?

அடுத்த சுற்றில் ஜன்னலை மூடி ஒன்று, ஃபேனை ஓட விட்டு ஒன்று என்று எடுங்கள். மூடிய ஜன்னல் சாலையைத் தடுக்கும், ஆனால் ஏப்ரல் வெயிலில் ஃபேன் இல்லாமல் முடியாது. ஃபேனோடு நடு வரிசை எண் ஏறினால், சாலையைக் குறைசொல்லும் முன் ஃபேனின் கடகடப்பைச் சரிசெய்வது மலிவு.

பிள்ளைகள் இருக்கும்போது அளந்தால் ஒரு கட்டாயம்: ஒலியைச் சேமிக்கக் கூடாது. டெசிபல் எண்ணைப் போர்டிலேயே கணக்கிட்டு, எண்ணை மட்டும் வைஃபையில் அனுப்பும்படி நிரலை எழுதுங்கள். பள்ளி நிர்வாகத்திடம் அனுமதி கேட்கும்போது இதை முதல் வரியாகச் சொல்லலாம்.

இந்த எண்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முன் ஆதாரமாக நிற்காது. அதற்குச் சான்றளித்த கருவி வேண்டும். ஆனால் பலகையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றி, பெஞ்சுகளை அதைப் பார்த்துத் திருப்ப யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை. அப்போது மிகத் தொலைவான வரிசை டீச்சரிடமிருந்து 7 மீட்டரில் அல்ல, சுமார் 5 மீட்டரில் இருக்கும். ஜன்னலை ஒட்டிய அந்த வரிசையைக் காலியாக விட இடம் இருந்தால், மறுபடி அதே 12 புள்ளிகளை அளந்து எவ்வளவு மாறியது என்று பார்க்கலாம்.