சுவர் இடிவது இப்போது, கணக்குப் போட்டது எப்போதோ! கேமில் துணியும் இடிபாடும் அசைவது எப்படி?

கேமில் கோட்டை மேல் ஒரு கொடி படபடக்கிறது. கீழே குண்டு பட்டு ஒரு சுவர் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறுகிறது. உங்கள் கருவி அந்த நொடியில் காற்றையும் புவியீர்ப்பையும் கணக்குப் போட்டு இதையெல்லாம் காட்டுகிறது என்று நினைப்பீர்கள். பல இடங்களில் அப்படி நடப்பதில்லை. அந்தக் கணக்கை கேமை உருவாக்கியவர்கள் முன்பே போட்டு முடித்து, விடையை ஒரு படத்துக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். கேம் அந்தப் படத்தைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் வெர்டெக்ஸ் அனிமேஷன் டெக்ஸ்ச்சர். துறையில் சுருக்கமாக 'வாட்' என்பார்கள்.

ஏன் இந்தச் சுற்றுவழி? நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் கேமில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட். எதிரிகளின் நடமாட்டம், ஒலி, வெளிச்சம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஹூடினி போன்ற மென்பொருளில் ஒரு சுவரை நம்பும்படி இடிக்க, சில நிமிடங்களோ சில மணி நேரமோ கூட ஆகலாம். அதனால் அங்கேயே பொறுமையாக இடித்துவிட்டு, விடையை மட்டும் கேமுக்குக் கொண்டுவருகிறார்கள். 'பேக் பண்றது' என்று சொல்வது இதைத்தான்.

படத்துக்குள் அசைவு எப்படி அடங்கும்? முப்பரிமாணப் பொருள் எதுவானாலும் அது முக்கோணங்களால் ஆன வலை. முக்கோணங்கள் சந்திக்கும் புள்ளிதான் வெர்டெக்ஸ். இங்கே முனை என்றே சொல்வோம். எக்செல் ஷீட் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு கிடைவரிசை. ஒரு கட்டத்தில் எழுத வேண்டியவை மூன்று எண்கள்: அந்த முனை, அந்த ஃப்ரேமில், தன் பழைய இடத்திலிருந்து எவ்வளவு பக்கவாட்டில், எவ்வளவு முன்னே, எவ்வளவு மேலே நகர்ந்திருக்கிறது என்பது. படத்தின் ஒரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்தானே இருக்கின்றன! ஆக, ஷீட்டை அப்படியே படமாகச் சேமித்துவிடலாம். திறந்து பார்த்தால் வண்ணக் கோடுகள் இழுத்த மாதிரி இருக்கும்; கண்ணுக்கு ஒன்றும் புரியாது.

கிராபிக்ஸ் கார்டில் ஓடும் வெர்டெக்ஸ் ஷேடர் என்ற குட்டி நிரல், ஒவ்வொரு முனைக்கும் இந்தப் படத்தில் ஒரு கட்டத்தைப் படிக்கிறது. சாரம் இவ்வளவுதான்:

```
float u = (id + 0.5) / width;
float v = (frame + 0.5) / frames;
float3 offset = PosTex.SampleLevel(PointSampler, float2(u, v), 0).xyz;
position += offset;
```

அந்த 0.5 எதற்கு? கட்டத்தின் ஓரத்தை அல்ல, நடுவைப் படிப்பதற்கு. சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பாதிப் பிரச்சினைகள் இங்கேதான் தொடங்குகின்றன.

நம் கொடியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறுக்கே 64, நெடுக்கே 32 என்று மொத்தம் 2,048 முனைகள். நொடிக்கு 30 ஃப்ரேம் வீதம் 3 நொடி அசைவு என்றால் 90 வரிசைகள். மொத்தம் 1,84,320 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு 8 பைட் எடுத்துக்கொண்டால் சுமார் 1.5 எம்பி. இதோடு இன்னொரு படமும் தேவை. துணி மடியும்போது ஒவ்வொரு முனையும் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அது சொல்லும்; கட்டத்துக்கு 4 பைட் வைத்தால் இன்னும் முக்கால் எம்பி. அதை விட்டுவிட்டால் கொடி அசையும், ஆனால் மடிப்புகளில் நிழல் மாறாது. பழைய வெளிச்சத்தை மேலே ஒட்டிவைத்த ரப்பர் ஷீட் மாதிரி தெரியும்.

3 நொடி முடிந்ததும் கொடி வெட்டென்று பழைய நிலைக்குக் குதிக்காதா? குதிக்கும். அதனால் 4 நொடிக்கு, அதாவது 120 ஃப்ரேமுக்குக் காற்றடிக்க விடுகிறார்கள். கேமில் ஓடுவது 31 முதல் 120 வரை. அதில் கடைசி 30 ஃப்ரேம்களை, முதல் 30 ஃப்ரேம்களோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துவிடுகிறார்கள். முடியும்போது கொடி 30ஆவது ஃப்ரேமின் நிலையில் இருக்கும். அடுத்து வருவது 31. ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.

சுவருக்கு இந்த முறை ஒத்துவராது. 300 துண்டு, ஒவ்வொன்றிலும் 100 முனை என்றால் 30,000 நெடுவரிசை. இன்றைய கணினி கிராபிக்ஸ் கார்டுகளிலேயே படத்தின் அகலம் பொதுவாக 16,384 பிக்சலைத் தாண்ட முடியாது. ஒரு ஃப்ரேமை இரண்டு வரிசையாக மடித்துச் சமாளித்தாலும், 4 நொடிக்கு இடமாற்றப் படம் மட்டும் கிட்டத்தட்ட 29 எம்பி. ஒரு சுவருக்கு இது அநியாயம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். செங்கல் துண்டு துணி மாதிரி வளையாது. அதன் 100 முனைகளும் ஒன்றாகவே பறக்கின்றன, ஒன்றாகவே சுழல்கின்றன. அதனால் துண்டின் மையம் எங்கே போனது, துண்டு எவ்வளவு திரும்பியது என்று இரண்டு தகவல்கள் போதும். இப்போது நெடுவரிசைகள் 300தான். இரண்டு படங்களும் சேர்ந்து சுமார் 0.6 எம்பி. ஹூடினியின் வாட் கருவியில் துணிக்கு ஒரு முறையும் இடிபாட்டுக்கு ஒரு முறையும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இடம் மிச்சம் என்பது மட்டுமல்ல, பார்வைக்கும் இதுதான் சரி. சேமித்தது நொடிக்கு 30, திரையில் ஓடுவது 60 என்றால், இரண்டு வரிசைகளுக்கு நடுவில் உள்ள நிலையை ஷேடர் ஊகிக்க வேண்டும். முனைகளை நேர்கோட்டில் நகர்த்தி ஊகித்தால், சுழலும் துண்டு நடுவழியில் சுருங்கும். ஒரு ஃப்ரேமில் 60 டிகிரி திரும்பும் சிறு சில்லு, பாதி வழியில் 13 சதவீதம் சிறுத்துப் போகும். தூள் பறக்கும் காட்சியில் சில்லுகள் ஏனோ துடிக்கிற மாதிரி தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம். திருப்பத்தைத் திருப்பமாகவே சேமித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

இனி, தப்பு நடக்கும் இடங்கள். அன்ரியல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எஞ்சினுக்கு உங்கள் ஷீட் வெறும் படம். படத்துக்கு என்னவெல்லாம் செய்வது வழக்கமோ, அதையெல்லாம் பாசத்தோடு செய்துவிடும். கண்ணுக்கு இதமாக `sRGB` என்று நிறத்தை வளைக்கும், எண்கள் கோணலாகும். பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து மென்மையாக்கும். ஆனால் ஷீட்டில் அடுத்தடுத்து இருப்பவை பொருளில் பக்கத்துப் பக்கத்து முனைகள் என்ற உறுதி இல்லை, அதனால் முள் முள்ளாகக் கிளம்பும். தூரத்துக்கு ஏற்ப மிப்மேப் என்னும் சின்னப் பிரதிகளும் செய்து வைக்கும். ஆகவே `sRGB` அணைந்திருக்க வேண்டும், `Filter` என்பது `Nearest` ஆக வேண்டும், `Mip Gen Settings` என்பது `NoMipmaps` ஆக வேண்டும். படத்தைச் சுருக்கும் முறையும் சாதாரணப் படங்களுக்கானதாக இருக்கக் கூடாது.

இதைவிட நுணுக்கமான ஒரு பொறி உண்டு. கேம் எஞ்சின் மாடலை உள்ளே எடுக்கும்போது சில முனைகளைப் பிரிக்கும், வரிசையை மாற்றும். எனவே எந்த முனை எந்த நெடுவரிசை என்பதை முனையின் கூடுதல் யூவி தகவலிலேயே எழுதி அனுப்புகிறார்கள். அன்ரியல் சாதாரணமாக யூவியை 16 பிட்டில் வைக்கும். 0.5க்கும் 1க்கும் இடையே 16 பிட் எண்ணின் மிகச் சிறிய படி 1/2048. நம் கொடிப் படத்தின் அகலமும் 2,048! ஆக, இரண்டாம் பாதி முனைகளுக்குக் கட்டத்தின் நடுவைக் குறிக்கவே முடியாது. ஓரத்தில் போய் நிற்கும், பல முனைகள் பக்கத்து வீட்டு எண்ணைப் படிக்கும். கொடியின் ஒரு பாதி ஒழுங்காக அசைய, மறுபாதி சொரசொரவென்று பிய்ந்து நின்றால், மெஷ் அமைப்பில் `Use Full Precision UVs` டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

துல்லியத்தில் கஞ்சத்தனம் செய்தால் என்னாகும் என்பதற்கு 1996இல் வந்த குவேக் நல்ல சாட்சி. அதில் எதிரிகளின் அசைவு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் முனை இடங்களாகவே சேமிக்கப்பட்டது; ஒவ்வொரு அச்சுக்கும் ஒரே ஒரு பைட். அதாவது 256 நிலைகள்தான். மாடல்களின் தோல் ஜெல்லி போல நடுங்கியதற்கு அதுதான் காரணம். இன்றும் 8 பிட் படத்தில் 4 மீட்டர் நகர்வை அடைத்தால் ஒரு படி சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். மெல்ல அசையும் துணி படியேறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். அதனால்தான் நம் கணக்கில் 16 பிட் எடுத்துக்கொண்டோம்.

எல்லாம் சரியாக அமைத்த பிறகும், கேமராவைத் திருப்பினால் பறந்துகொண்டிருக்கும் துண்டுகள் சட்டென்று மறையலாம். நகர்த்துவது கிராபிக்ஸ் கார்டு. எஞ்சினின் மற்ற பகுதிக்கு அது தெரியாது. சுவர் இன்னும் பழைய பெட்டிக்குள்ளேயே நிற்கிறது என்று நினைத்து, அந்தப் பெட்டி திரையை விட்டுப் போனதும் வரைவதை நிறுத்திவிடும். `Positive Bounds Extension`, `Negative Bounds Extension` இரண்டையும் துண்டுகள் போகும் தூரம் வரை நீட்டினால் தீரும்.

மோதலுக்கும் இதே கதைதான். பறக்கும் கல் உங்கள் வீரனின் உடலை ஊடுருவிப் போகும். வீரன் சுவர் இருந்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாத தடுப்பில் முட்டி நிற்பான். அதனால் குண்டு பட்ட நொடியில் முழுச் சுவரை எடுத்துவிட்டு, அதன் தடுப்பையும் நீக்கி, வாட் சுவரை ஓட விடுகிறார்கள். கடைசி ஃப்ரேமில் நின்றதும் குவியலைச் சுற்றி ஓரிரு எளிய பெட்டித் தடுப்புகளை வைக்கிறார்கள். இடது மூலையில் சுட்டாலும் வலது மூலையில் சுட்டாலும் சுவர் ஒரே மாதிரிதான் இடியும். அதை மறைக்க இரண்டு மூன்று விதமாக இடித்து பேக் செய்து வைப்பதும், சுவரைத் திருப்பி வைப்பதும் உண்டு. முன்னால் தூசிப்படலம் கிளப்புவது எல்லாருக்கும் பிடித்த வழி. சுட்ட இடத்திலிருந்தே விரிசல் ஓட வேண்டும், விழுந்த கல்லை ஆட்டக்காரர் எடுத்து வீச வேண்டும் என்றால் வாட் உதவாது. அங்கே அன்ரியலின் கேயாஸ் போல அப்போதைக்கு அப்போது கணக்கிடும் இயற்பியலைத்தான் ஓட்டியாக வேண்டும்.