சாயும் சட்டகத்துக்கு ஒரு சமன்பாடு கூடுதல்

இரண்டு தூண்களும் அவற்றை இணைக்கும் ஓர் உத்தரமும் சேர்ந்தால் ஒற்றைக் கண்ணிச் சட்டகம். சுமை உத்தரத்தின் நடுவில் இருந்தால் இருபுறமும் ஒரே மாதிரி வளையும். சட்டகம் பக்கவாட்டில் நகராது. சுமை ஒரு பக்கம் ஒதுங்கினால், காற்றே வீசாவிட்டாலும் தூண்களின் தலைகள் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் 1930இல் வெளியிட்ட திருப்புத்திறன் பகிர்வு முறை, முதலில் எல்லா மூட்டுகளையும் திரும்ப முடியாதபடி பூட்டிவிடுகிறது. பிறகு ஒவ்வொன்றாக விடுவித்து, அங்கே சமன்படாமல் நிற்கும் திருப்புத்திறனை உறுப்புகளின் விறைப்புக்கேற்பப் பங்கிடுகிறது. பங்கில் பாதி உறுப்பின் மறுமுனைக்குப் போகிறது. இதில் மூட்டுகள் திரும்புவதற்கு இடமுண்டு, நகர்வதற்கு இல்லை. நகர்வைத் தனியாகத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

4 மீட்டர் உயரத்தில் இரு தூண்கள், 4 மீட்டர் நீள உத்தரம், எல்லாவற்றுக்கும் ஒரே குறுக்குவெட்டு, தூண்களின் அடி அசையாத பிடிப்பு என்று கொள்வோம். இடது தூணிலிருந்து 1 மீட்டர் தள்ளி உத்தரத்தின் மேல் 32 கிலோநியூட்டன் சுமை. உறுப்பின் முனையில் வலஞ்சுழியாகச் செயல்படும் திருப்புத்திறனை மிகை என்று வைத்தால், பூட்டிய நிலையில் உத்தரத்தின் இடது முனையில் −18, வலது முனையில் +6 கிலோநியூட்டன்-மீட்டர்.

முதல் கட்டத்தில், வலது தலைக்கு வெளியே ஒரு கற்பனை முட்டு வைத்து நகர்வைத் தடுக்கலாம். தூணுக்கும் உத்தரத்துக்கும் விறைப்பு சமம் என்பதால் ஒவ்வொரு தலையிலும் பங்கு பாதிக்குப் பாதி. இடது தலையில் −18ஐச் சமன்செய்யத் தூணுக்கு +9, உத்தரத்துக்கு +9. தூணின் அடிக்கு +4.5 போகிறது. வலது தலையில் இதே வேலை −3, −3 என்று நடக்கிறது. மறுமுனைகளிலிருந்து வருவதை மீண்டும் மீண்டும் பங்கிட்டால் எண்கள் வேகமாகச் சுருங்கி நின்றுவிடும். முடிவில் இடது தூணின் தலையில் +10.4, அடியில் +5.2, வலது தூணின் தலையில் −5.6, அடியில் −2.8.

இரு தலைகளிலும் கூட்டினால் பூஜ்யம் வரும். அட்டவணை சுத்தமாக இருப்பதால் வேலை முடிந்ததாகத் தோன்றுவது இங்கேதான். தள வெட்டுவிசைச் சமன்பாடு வேறு கதை சொல்கிறது. தூண்களை அடியில் வெட்டிப் பார்த்தால், பக்கவாட்டுச் சுமையே இல்லாத இந்தத் தளத்தில் இரு தூண்களின் வெட்டுவிசைகளும் ஒன்றையொன்று அழிக்க வேண்டும். ஒரு தூணின் வெட்டுவிசை என்பது அதன் இரு முனைத் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையை உயரத்தால் வகுத்தது. இடப்பக்கம் 15.6 ÷ 4 = 3.9, வலப்பக்கம் −8.4 ÷ 4 = −2.1. மிஞ்சும் 1.8 கிலோநியூட்டனைத் தாங்கி நின்றது அந்தக் கற்பனை முட்டு. உண்மையான சட்டகத்தில் அது கிடையாது. ஆகவே சட்டகம் வலப்பக்கம், அதாவது சுமையை விட்டு விலகி, நகரும்.

அடுத்து, சுமையை எடுத்துவிட்டு, மூட்டுகளைத் திரும்பவிடாமல் சட்டகத்தை வலப்பக்கம் தள்ளியதாகக் கொள்ளலாம். எவ்வளவு தள்ள வேண்டும் என்பது இன்னும் தெரியாது. அதனால் வசதியான ஓர் எண் போதும். இரு தூண்களும் ஒரே உயரம் என்பதால் நான்கு தூண்முனைகளிலும் −10 என்று எடுக்கலாம். பகிர்ந்து முடித்தால் தலைகளில் −6, அடிகளில் −8. கூட்டுத்தொகை −28, வெட்டுவிசை −7.

1.8ஐ அழிக்க இந்த −7இல் எத்தனை மடங்கு வேண்டும்? 1.8 ÷ 7 = 0.257. இரண்டாம் கட்ட எண்களை இதனால் பெருக்கி முதல் கட்டத்தோடு கூட்டினால், இடது தூணின் தலையில் 8.86, அடியில் 3.14, வலது தூணின் தலையில் −7.14, அடியில் −4.86. வெட்டுவிசைகள் 3, −3. சமன்பாடு நிறைவேறிவிட்டது. குறியை மாற்றிப் போட்டிருந்தால் மிச்சம் 1.8 அழியாமல் 3.6 ஆகியிருக்கும், தவறு உடனே தெரிந்துவிடும்.

நகர்வை மறந்தவர் வலது அடியை 2.8க்கு வடிவமைத்திருப்பார். அங்கே உண்மையில் வருவது 4.86, எழுபது விழுக்காட்டுக்கும் மேல் அதிகம். சுமைக்குப் பக்கத்திலுள்ள மூலை அல்ல, எதிர்மூலையின் அடிதான் ஏமாற்றப்படுகிறது.

தூண்களின் உயரம் வேறுபட்டால் தொடக்கத் திருப்புத்திறன்கள் சமமாக இருக்காது. இரண்டின் தலையும் ஒரே அளவு நகர்வதால், குறுக்குவெட்டு ஒன்றாக இருக்கும்போது அவை உயரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும். குட்டைத் தூண்தான் அதிகம் வாங்கும். காற்றுபோன்ற பக்கவாட்டு விசை இருந்தால், சமன்பாட்டில் பூஜ்யத்தின் இடத்தில் அந்த விசை வரும். தளங்கள் பெருகினால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி நகர்வும் ஒரு தனி வெட்டுவிசைச் சமன்பாடும் வேண்டும். அவற்றை ஒருங்கே தீர்க்க வேண்டியிருக்கும்.