தந்தூரி சிக்கனா, சிக்கன் 65-ஆ?

ஓட்டல் மெனுவில் உள்ள இரண்டு உணவுகளில் எதில் புரதம் அதிகம், எதில் கொழுப்பு அதிகம் என்பதை மேசையில் உட்கார்ந்தபடியே ஓரளவு கணித்துவிடலாம். அதற்கு மூன்று எண்கள் நினைவில் இருந்தால் போதும். ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த கணக்கு இது.

சில இடங்களில் கணிக்க வேண்டிய தேவைகூட இல்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் ஒவ்வோர் உணவின் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ஆனால் தெருமுனை பிரியாணிக் கடையும் நெடுஞ்சாலை ஓட்டலும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. பெரும்பாலானோர் சாப்பிடுவதோ அங்கேதான்.

அரை தந்தூரி சிக்கனையும் ஒரு பிளேட் சிக்கன் 65-ஐயும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் கோழி, ஆகவே சத்தும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று தோன்றும்.

தந்தூரிக்குத் தோல் உரித்த சிறிய கோழியைத்தான் எடுப்பார்கள். பாதிக் கோழி பச்சையாக 400 கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் எலும்பு ஏறக்குறைய 30 சதவீதம். மீதி 280 கிராம்தான் கறி. தோலில்லாத பச்சைக் கோழிக்கறியில் 100 கிராமுக்கு 20 அல்லது 21 கிராம் புரதம் இருக்கும். எனவே மொத்தப் புரதம் 58 கிராம் அளவுக்கு வரும். கறியில் இயல்பாக உள்ள கொழுப்பு 12 கிராம் என்று கொள்ளலாம். ஊறவைக்கும் தயிரில் கொஞ்சம், மேலே தடவும் எண்ணெய் அல்லது வெண்ணெயில் இரண்டு தேக்கரண்டி என எல்லாம் சேர்த்தால் கொழுப்பு 24 கிராமை எட்டும். தயிரிலும் மசாலாவிலும் உள்ள மாவுச்சத்து 5 கிராம். நான்காலும் ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 470 கலோரி.

சிக்கன் 65 வேறு கதை. ஒரு பிளேட்டில் எட்டு, பத்துத் துண்டுகள் வரும். எலும்பில்லாத பச்சைக் கறியாக அது 200 கிராம் இருக்கலாம். புரதம் 42 கிராம். சோள மாவும் மைதாவும் 40 கிராம், பிசைவதற்கு அரை முட்டை. இவற்றால் புரதம் 46 கிராமாக உயரும், மாவுச்சத்து 33 கிராம் சேரும். இனி எண்ணெய். மாவு பூசிப் பொரித்த பண்டம் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு எண்ணெயையாவது உறிஞ்சிக்கொள்ளும். பொரித்ததைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாயோடு இன்னொரு முறை எண்ணெயில் புரட்டித் தருவது பல கடைகளின் வழக்கம். ஆக, எண்ணெய் மட்டும் 25 கிராம். கறி, முட்டையின் கொழுப்பையும் சேர்த்தால் 34 கிராம். மொத்தம் 620 கலோரிக்கு மேல்.

இந்த எண்கள் எல்லாமே மதிப்பீடுதான். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூடினாலே 120 கலோரி ஏறிவிடும். சமையலறைக்குள் போய் யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குச் சரியான எண் தேவையில்லை. எது கூட, எது குறைவு என்று தெரிந்தால் போதும். அதைக் காண ஒரு சுருக்குவழி உண்டு. மொத்தக் கலோரியைப் புரதத்தின் கிராமால் வகுத்துப் பார்ப்பது. தந்தூரியில் ஒரு கிராம் புரதத்துக்கு 8 கலோரி. சிக்கன் 65-இல் 13-க்கு மேல். பிளேட் பெரிதானாலும் சிறிதானாலும் மேலும் கீழும் சேர்ந்தே மாறுவதால் இந்த விகிதம் அதிகம் அசையாது. எடையைத் தப்பாக ஊகித்தவருக்கும் இது கைகொடுக்கும். சிக்கன் 65-இன் எண்ணெயைப் பத்து கிராம் குறைத்துப் போட்டுப் பார்த்தாலும் விகிதம் 11-க்குக் கீழே வராது. அதாவது ஊகத்தில் உள்ள பிழையைவிட இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிது. அப்படி இருக்கும்போது முடிவை நம்பலாம். இரண்டு உணவுகள் 8, 9 என்று நெருங்கி வந்தால் கணக்கை மூடிவிட்டு நாக்குக்குப் பிடித்ததைக் கேட்பதே நல்லது.

கணக்கில் அடிக்கடி நேரும் தவறு எடையில்தான். 100 கிராம் பச்சைக் கறி வெந்ததும் நீர் வற்றி 70, 75 கிராம் ஆகிவிடும். புரதம் உள்ளேயே தங்கிவிடுவதால் வெந்த கறியில் 100 கிராமுக்கு 27 கிராமுக்கு மேல் இருக்கும். பச்சைக் கறியின் எடையை வெந்த கறியின் எண்ணால் பெருக்கினால் இல்லாத புரதம் வந்து நிற்கும். எலும்பைக் கழிக்க மறப்பது அடுத்த தவறு. “போன்லெஸ்ஸா, எலும்போடயா? எத்தனை பீஸ் வரும்?” என்று சர்வரிடம் கேட்டாலே இதில் பாதி தெளிந்துவிடும்.

தந்தூரியின் வெற்றியைத் தலைகீழாக்கக்கூடியது தட்டின் ஓரத்தில் வரும் சின்னக் கிண்ணம். தமிழ்நாட்டில் தந்தூரிக்கும் கிரில் சிக்கனுக்கும் மயோனைஸ் கேளாமலே வந்துவிடுகிறது. அது பெரும்பாலும் எண்ணெய். ஒரு மேசைக்கரண்டியில் 10 கிராம் கொழுப்பு, 90 கலோரிக்கு மேல். மூன்று கரண்டி தொட்டுச் சாப்பிட்டால் தந்தூரி 740 கலோரியைத் தாண்டி, சிக்கன் 65-ஐ முந்திவிடும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது கிருமித் தொற்றைத் தடுக்கத்தான். முட்டையில்லாத மயோனைஸிலும் எண்ணெய்க்குக் குறைவில்லை. புதினாச் சட்னியும் வெங்காயமும் கேட்டு வாங்கினால் இந்தச் சிக்கல் எழாது. கிரில் சிக்கனைத் தந்தூரியின் கணக்கில் சேர்ப்பதும் சரியல்ல. அது தோலோடு சுடப்படுவதால் கொழுப்பு கூடும். தோலை ஒதுக்கினால் வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சைவ மேசையில் இதே கணக்கு சற்று ஏமாற்றம் தரும். பன்னீரைப் புரத உணவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். கொழுப்பு நீக்காத பாலில் செய்த பன்னீர் 100 கிராமில் புரதம் 18 கிராம், கொழுப்பு 20 கிராமுக்குக் குறையாது. 150 கிராம் பன்னீர் டிக்காவிலேயே ஒரு கிராம் புரதத்துக்கு 15 கலோரிக்கு மேல் ஆகிவிடும். அது சிக்கன் 65-ஐவிட மோசம். அதே பன்னீர், பட்டர் மசாலாவாக மாறும்போது வெண்ணெய், கிரீம், முந்திரி விழுதால் இன்னும் 20 கிராம் கொழுப்பு சேர்ந்துகொள்ளும். இந்த இரண்டுக்குள் டிக்காதான் மேல். ஆனால் அது தந்தூரி சிக்கனின் சைவப் பதிப்பு அல்ல.

யாருக்கு எது தேவை என்பதும் முடிவை மாற்றும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 50 கிராம். அரை தந்தூரி அந்த அளவை ஒரே வேளையில் தாண்டிவிடுகிறது. நாலு பேர் பகிர்ந்து ஆளுக்கு இரண்டு துண்டு எடுக்கும் சிக்கன் 65-க்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை. முழு பிளேட்டையும் ஒருவரே சாப்பிடப்போகிறார் என்றால், மயோனைஸ் இல்லாத தந்தூரியே சரியான தேர்வு.