மேயில் ஒரு கணக்கு, மழையில் ஒரு கணக்கு

கான்கிரீட்டுக்கான மிக்ஸ் டிசைன் தாளில் தண்ணீருக்கு எதிரே ஓர் எண் இருக்கும். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சைட்டில் அதைப் படிக்கிறவர்கள் மிக்சருக்குள் 25 லிட்டர் ஊற்ற வேண்டும் என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் அந்த எண் ஜல்லியும் மணலும் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருப்பதாக எடுத்துக்கொண்டு போட்டது. அந்த நிலையில் அவை சைட்டில் இருப்பது அபூர்வம். மே மாத வெயிலில் காய்ந்து கிடக்கும் ஜல்லிக்கும், ஐப்பசி மழையில் நனைந்த ஜல்லிக்கும் ஒரே 25 லிட்டரை ஊற்றினால் இரண்டு வேறு கான்கிரீட்டுகள்தான் கிடைக்கும்.

கருங்கல் ஜல்லி பார்வைக்கு இறுகித் தெரிந்தாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. காய்ந்த கல் மிக்சருக்குள் விழுந்ததும் அந்தத் துளைகள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்த தண்ணீர் சிமெண்டுக்கு உதவாது, கலவையை இளக வைக்கவும் உதவாது. மாறாக, கல்லின் துளைகள் ஏற்கெனவே நிறைந்து, மேற்பரப்பிலும் நீர் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த மேல்நீர் முழுவதும் சிமெண்ட் பாலில் சேர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில், உள்ளே துளைகள் நிறைந்தும் மேலே ஈரம் இல்லாமலும் ஒரு நிலை இருக்கிறது. ஆய்வகத்தில் அதை எஸ்.எஸ்.டி. என்பார்கள். அந்த நிலையில் உள்ள கல் கலவையிலிருந்து தண்ணீர் எடுக்காது, கொடுக்கவும் செய்யாது. டிசைன் தாளின் 25 லிட்டர் இந்த நிலையை நம்பிப் போட்ட எண்.

ஜல்லியை அந்த நிலைக்குக் கொண்டுவருவது எளிது. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக எடுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, உலர்ந்த துணியில் போட்டுப் புரட்டித் துடைக்க வேண்டும். ஈரப் பளபளப்பு போய், நிறம் மட்டும் கருமையாக இருக்கும் நேரத்தில் நிறுத்தி எடை போடுகிறார்கள். பிறகு அடுப்பில் முழுக்க உலர்த்தி மறுபடி எடை போடுகிறார்கள். முதல் எடை 2010 கிராம், உலர்ந்த எடை 2000 கிராம் என்றால் வித்தியாசம் 10 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்தால் உறிஞ்சுதிறன் 0.5 சதவீதம். நல்ல கருங்கல் ஜல்லிக்கு இந்த அளவு சகஜம். சோதனை முறை ஐ.எஸ். 2386 தரநிலையின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது.

எம்-சாண்டில்தான் சிக்கல். ஊறிய மணலைத் தட்டில் பரப்பி, இளஞ்சூடான காற்று காட்டிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தாராளமாக உதிரத் தொடங்கும் கணத்தில் நிறுத்த வேண்டும். சிலர் சிறு உலோகக் கூம்பில் மணலை இட்டு, இலேசாகக் குத்தி, கூம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். மணல் அப்படியே நின்றால் இன்னும் ஈரம், கொஞ்சம் சரிந்தால் சரியான நிலை, முழுவதும் சரிந்துவிட்டால் அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. ஆற்று மணலுக்கு இது ஒத்துவரும். எம்-சாண்டில் கல் தூசி அதிகம் என்பதால், மேல்ஈரம் போன பின்னும் தூசி பிடித்து நிறுத்தி ஏமாற்றும். அதனால் எம்-சாண்டின் உறிஞ்சுதிறனை ஒரே சோதனையை நம்பி எழுதிவிடாமல் இரண்டு மூன்று முறை செய்து சராசரி எடுப்பது நல்லது.

இனி ஒரு கலவையை எடுத்து வைத்துக் கணக்குப் போடுவோம். 50 கிலோ சிமெண்ட், எம்-சாண்ட் 110 கிலோ, ஜல்லி 170 கிலோ, தண்ணீர் 25 லிட்டர். தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.50. சாண்ட், ஜல்லி இரண்டின் எடையும் எஸ்.எஸ்.டி. நிலைக்குரியவை. ஜல்லியின் உறிஞ்சுதிறன் 0.5 சதவீதம், சாண்டினது 2 சதவீதம். முழுக்கக் காய்ந்தால் இந்தச் சாண்டின் எடை ஏறக்குறைய 107.8 கிலோ, ஜல்லியினது 169.2 கிலோ. மீதி ஏறக்குறைய மூன்று கிலோ துளைகளில் உள்ள தண்ணீர்.

மே மாத மதியம் ஒன்றை எடுப்போம். குவியலின் ஈரத்தைச் சோதித்ததில் சாண்டில் 0.5 சதவீதமும் ஜல்லியில் 0.1 சதவீதமும் மட்டுமே இருக்கிறது. அதாவது சாண்டுக்கு 1.5 சதவீதமும் ஜல்லிக்கு 0.4 சதவீதமும் குறைகிறது. சாண்டு சுமார் 1.6 லிட்டரும் ஜல்லி சுமார் 0.7 லிட்டரும் உறிஞ்சும், மொத்தம் 2.3 லிட்டர். எனவே 25க்குப் பதிலாக 27.3 லிட்டர் ஊற்ற வேண்டும். கூடவே சாண்டை 110க்குப் பதில் 108.4 கிலோவும், ஜல்லியை 170க்குப் பதில் 169.3 கிலோவும் எடைபோட வேண்டும். தண்ணீரைக் கூட்டிவிட்டு எடையை அப்படியே விட்டால் கல் கொஞ்சம் அதிகமாகப் போய்விடும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அதே சைட், இரவு முழுக்க மழை, மறுநாள் காலை. சாண்டில் 6 சதவீதம், ஜல்லியில் 1.5 சதவீதம் ஈரம். உறிஞ்சியது போக மேலே நிற்பது சாண்டில் 4 சதவீதம், ஜல்லியில் 1 சதவீதம். சாண்ட் 4.3 லிட்டரும் ஜல்லி 1.7 லிட்டருமாக 6 லிட்டரைத் தாமாகவே கொண்டுவந்துவிடுகின்றன. மிக்சரில் ஊற்ற வேண்டியது 19 லிட்டர்தான். சாண்டை 114.3 கிலோவும் ஜல்லியை 171.7 கிலோவும் எடைபோட வேண்டும்.

யாரும் இந்தக் கணக்கைப் போடாமல் வழக்கம்போல 110, 170, 25 என்று எடுத்தால் என்ன ஆகும்? கலவையில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 30.8 லிட்டர் ஆகிவிடும். விகிதம் 0.50 என்ற இடத்தில் 0.62. பலம் நாலில் ஒரு பங்கு வரை குறைந்துபோகலாம். சிமெண்டிலும் குறைவைக்கவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. கியூபை உடைத்துப் பார்க்கும் வரை ஒருவருக்கும் தெரியாது.

இந்த எண்களில் இன்னொன்றும் தெரியும். இந்தக் கலவையில் மழைநீரின் பெரும்பங்கு ஜல்லியில் இல்லை, மணலில் இருக்கிறது. சாண்டின் ஈரத்தை ஒரு சதவீதம் தவறாகக் கணித்தால் மூட்டைக்கு 1.1 லிட்டர் மாறும், விகிதம் 0.02 நகரும். அதனால் நேரம் குறைவாக இருந்தால் சாண்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

சோதிப்பதற்கு ஆய்வகம் வேண்டாம், ஒரு தராசும் அடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். குவியலின் உச்சியில் காய்ந்தும் அடியில் ஊறியும் இருக்கும் என்பதால் ஆறேழு இடத்தில் இருந்து கை நிறைய எடுத்துக் கலந்து, அதில் 500 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். சட்டியில் போட்டு, மேலே நீராவி வராத வரை கிளறி வறுங்கள். ஒரு கண்ணாடித் துண்டைச் சட்டியின் மேல் பிடித்தால் பனி படியக்கூடாது. ஆறவிட்டு நிறுத்தால் 472 கிராம் என்று வைத்துக்கொள்வோம். போன 28 கிராமை 472ஆல் வகுத்தால் 5.9 சதவீதம், மழைக்காலக் கணக்கில் நாம் எடுத்த 6ஐ ஒட்டியது. 500ஆல் வகுத்தால் 5.6 வரும், அது தவறு. உறிஞ்சுதிறனும் உலர்ந்த எடையில்தான் கணக்கிடப்படுகிறது. தராசே இல்லாத இடத்துக்கு ஐ.எஸ். 456 ஒரு தோராயப் பட்டியல் தருகிறது. நன்றாக நனைந்த மணலில் மேல்நீர் 7.5 சதவீதம், நடுத்தரமாக நனைந்ததில் 5, ஈரமானதில் 2.5, ஈர ஜல்லியில் 1.25 முதல் 2.5 வரை. கைத்தடவலை விட மேல், சோதனைக்கு ஈடாகாது.

கைத்தடவலின் குறை என்னவென்றால், தொட்டுப் பார்த்து ஈரமாகப்பட்ட சாண்ட் உண்மையில் தாகத்தோடு இருக்கலாம். இந்தச் சாண்டில் 1.5 சதவீத ஈரம் இருந்தால் தூசி பறக்காது, உள்ளங்கைக்குச் சில்லென்றும் இருக்கும். ஆனால் நிறைய 2 சதவீதம் வேண்டும். ஆகவே அது இன்னும் அரை சதவீதம் உறிஞ்சும், தண்ணீரைக் குறைக்க வேண்டிய இடம் அல்ல அது, சற்றுக் கூட்ட வேண்டிய இடம். மேலே கொஞ்சம் தெளிக்கப்பட்ட ஜல்லியும் இப்படித்தான்.

கோடையில் சைட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு பேச்சு இப்படி இருக்கும்.

"சார், காலையில நல்லா வந்துச்சு. இப்ப கலவை வறட்டு வறட்டுன்னு நிக்குது. இன்னும் அரை பக்கெட் ஊத்திக்கட்டுமா?"

"ஊத்தாதீங்க மேஸ்திரி. முதல்ல குவியலைப் பாருங்க. வெயில்ல காஞ்சுருக்கும், அது குடிச்சிருக்கு."

மேஸ்திரி சொன்னது உண்மைதான், கலவை இறுகிவிட்டது. உறிஞ்சுவது ஒரு நொடியில் முடிவதில்லை. காய்ந்த கல் மிக்சரிலேயே பெரும்பகுதியை எடுத்துக்கொண்டாலும், மீதியை வண்டியிலும் கூடையிலும் போகும் வழியில் மெல்ல மெல்ல இழுக்கும். மிக்சர் வாயில் 100 மில்லிமீட்டர் ஸ்லம்ப் காட்டிய கலவை, ஊற்றும் இடத்துக்கு வந்ததும் 60ஆகிவிடுவதற்கு வெயில் சூட்டோடு இதுவும் ஒரு காரணம். அளக்காத அரை பக்கெட் ஊற்றினால் அதுவரை போட்ட கணக்கு வீண். தண்ணீரே ஊற்றாமல் விட்டாலும் கம்பிகளுக்கு இடையில் கலவை இறங்காமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். மறுபுறம், மேல்நீரைக் கணக்கில் எடுக்காமல் ஊற்றினால் பலகை இடுக்கில் சிமெண்ட் பால் ஒழுகும், தளத்தின் மேல் தண்ணீர் கசிந்து நிற்கும், காய்ந்ததும் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும்.

இந்த இரண்டு தொல்லைக்கும் முதல்நாள் மாலையிலேயே பாதித் தீர்வு உண்டு. ஜல்லிக் குவியலில் ஹோஸ் வைத்து நனைத்து, இரவு வடியவிட்டால், காலையில் கல் நிறைவுக்கு மேலே கொஞ்சம் நீரோடு இருக்கும். கல்லின் சூடும் இறங்கும். மேல்நீரைச் சோதித்துக் கழித்துவிட்டால், தாகத்தைக் கூட்டிக்கொடுக்கும் கணக்கே தேவையில்லை. பிறகு மதியம் வெயில் ஏறியதும், அல்லது மழை தூறி நின்றதும், சட்டிச் சோதனையை ஒருமுறை மறுபடி செய்தால் போதும்.

ரெடிமிக்ஸ் தொழிற்சாலைகளில் மணல் தொட்டியிலேயே ஈரத்தை அளக்கும் கருவி பொருத்தி, ஒவ்வொரு லோடுக்கும் கணினி தானாகக் கழித்துவிடுகிறது. கருவியை அவ்வப்போது சட்டிச் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மற்றபடி அங்கும் நடப்பது இதே கழித்தல் கூட்டல்தான்.

உடைத்த பழைய கான்கிரீட்டிலிருந்து எடுக்கும் ஜல்லிக்கு வரும்போது இந்தக் கூட்டல் மட்டும் போதாது. பழைய சிமெண்ட் சாந்து அதில் ஒட்டியிருப்பதால் உறிஞ்சுதிறன் கருங்கல்லைப் போல் பல மடங்கு. ஐ.எஸ். 383இன் 2016 பதிப்பு, எம்25 வரையிலான கம்பி போட்ட கான்கிரீட்டில் ஜல்லியின் 20 சதவீதம் வரை இதைச் சேர்க்க அனுமதிக்கிறது. 170 கிலோவில் 34 கிலோ இதுவாக இருந்து, அது 5 சதவீதம் உறிஞ்சினால் மட்டுமே 1.6 லிட்டர் போய்விடும். அது மிக்சருக்குள் மெதுவாக உறிஞ்சுவதால், கூடுதல் தண்ணீரை ஊற்றினாலும் ஆரம்பத்தில் கலவை அளவுக்கு மேல் இளகி, பிறகு சட்டென்று இறுகும். முந்தின நாளே தொட்டியில் ஊறவைத்து, வடித்து, மேல்நீரை மட்டும் கழித்துக்கொள்வதே இதற்கு வழி. மொட்டை மாடிச் சுர்க்கிக்குச் செங்கல் ஜல்லியை ஊறவைத்துப் போட்ட பழைய கொத்தனார்கள் கையோடு செய்ததும் அதேதான்.