புதன்கிழமை மீட்டிங் கிடையாது

2023 ஜனவரியில் கனடாவின் ஷாப்பிஃபை நிறுவனம் தன் ஊழியர்களின் காலண்டரிலேயே கை வைத்தது. இரண்டு பேருக்கு மேல் கலந்துகொள்ளும், வாராவாரம் தானாகத் திரும்பி வரும் மீட்டிங்குகள் அத்தனையும் நீக்கப்பட்டன. புதன்கிழமை மீட்டிங்கே கூடாது என்று அறிவித்தார்கள். நீக்கியதில் ஏதாவது திரும்ப வேண்டுமென்றால் இரண்டு வாரம் பொறுத்திருந்துதான் சேர்க்க வேண்டும். காலண்டர்களிலிருந்து அப்போது போன பதிவுகள் சுமார் 12,000.

செய்தியைப் படித்த நம் ஊர் ஐ.டி. ஊழியர்கள் பலர் பெருமூச்சு விட்டிருப்பார்கள். 'அது அவங்க சொந்தக் கம்பெனி, நினைத்ததைச் செய்யலாம். நமக்குத்தான் கிளையன்ட் இருக்கிறாரே' என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் பாதிதான் சரி.

சென்னையில் அமெரிக்கக் கிழக்குக் கரை வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஒன்பது பேர் டீம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்வதால் அதுவே ஏழரை ஆகிவிடும். கிளையன்ட் கால் அதற்குமேல்தான். அப்படியானால் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை அந்த டீமின் நேரத்தைத் தின்பது யார்? பதினொரு மணிக்குப் பதினைந்து நிமிடம் என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் ஓடும் ஸ்டாண்ட்-அப். மூன்று மணிக்கு மேனேஜருக்காக நடக்கும் ஸ்டேட்டஸ் மீட்டிங். இரண்டுமே நாமே நமக்கு வைத்துக்கொண்டவை. கிளையன்ட் தூங்கும் நேரம் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

அன்றைய நாளை வெட்டிப் பாருங்கள். பத்திலிருந்து பதினொன்று வரை ஒரு துண்டு. பதினொன்று நாற்பதிலிருந்து சாப்பாடு வரை ஒரு துண்டு. இரண்டிலிருந்து மூன்று வரை இன்னொன்று. நாலு மணிக்கு மேல்தான் கொஞ்சம் நீளமான நேரம், அதிலும் பாதி, மாலை காலுக்குத் தயாராவதில் போய்விடும். புரோகிராமர் பால் கிரஹாம் 2009-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் சொன்னது இதைத்தான்: மேனேஜரின் நாள் மணிக்கணக்கில் நகர்வது, அவருக்கு இன்னொரு மீட்டிங் என்பது இன்னொரு கட்டம் நிரம்புவது மட்டுமே. எழுதுபவருக்கும் கோட் அடிப்பவருக்கும் நாள் என்பது அரை நாள், அரை நாளாக நகர்வது. நடுவில் விழும் ஒரே மீட்டிங் முழு மதியத்தையும் கெடுத்துவிடும்.

ஆகவே அந்த டீம் புதன்கிழமை மாலை ஆறு மணி வரை உள் மீட்டிங் இல்லை என்று முடிவெடுக்கிறது. ஒரு நாள் போதுமா என்று கேட்கலாம். எம்.ஐ.டி. ஸ்லோன் மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் 2022-ல் வந்த ஆய்வு, 76 நிறுவனங்களைப் பார்த்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் மீட்டிங் இல்லாமலிருப்பதே நல்ல அளவு என்றது. அதற்கு மேல் போனால் பலன் குறைகிறதாம். கிளையன்ட் வேலை செய்யும் டீமுக்கு ஒரு நாளில் ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். மூன்று நாள் என்று அறிவித்துவிட்டு இரண்டாவது வாரமே உடைப்பதைவிட அது மேல்.

முதல் புதனன்று என்ன நடக்கும்? ஸ்டாண்ட்-அப் இல்லை என்பதால், 'அவரவர் ஸ்டேட்டஸை மெயில் பண்ணிடுங்க' என்பார் டீம் லீட். ஒன்பது பேர், ஒவ்வொருவரும் மற்ற எட்டுப் பேருக்கு. ஆக 72 மெயில்கள் இன்பாக்ஸ்களில் விழும். ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் ரிப்ளை ஆல் போட்டு ஒரு சந்தேகம் கேட்டால் 144. நாற்பது நிமிட மீட்டிங் ரத்தாகி, நாள் முழுக்க நடக்கும் மீட்டிங்காக மாறிவிட்டது. மீட்டிங் இல்லாத நாள் பல இடங்களில் தோற்பது இங்கேதான். ரத்து செய்த மீட்டிங் எங்கும் போவதில்லை, மெயிலாகத் திரும்பி வருகிறது. அதனால் மீட்டிங் விதியையும் மெயில் விதியையும் ஒரே தாளில் எழுத வேண்டும்.

ஸ்டேட்டஸுக்கு மெயிலே வேண்டாம். டீமுக்குப் பொதுவாக ஒரு ஷீட் இருந்தால் போதும். செவ்வாய் மாலைக்குள் ஒவ்வொருவரும் மூன்று வரி எழுதுவார்: எது முடிந்தது, எது மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை அவிழ்க்க யார் வேண்டும். படிக்க வேண்டியவர் போய்ப் படிப்பார். மேனேஜர் அதைப் படிக்காமல் புதன்கிழமை யாரையாவது கூப்பிட்டு 'என்ன ஸ்டேட்டஸ்?' என்று கேட்டால், அந்த ஷீட்டில் அடுத்த வாரம் யாரும் எழுத மாட்டார்கள்.

அடுத்தது, மெயில் எழுதும் விதம். நம் அலுவலகங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் மெயில் இது. சப்ஜெக்டில் `Re: Re: Fw: Issue`. உள்ளே, 'கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும், ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்'. நாலு பேருக்கு முகவரி, ஏழு பேருக்கு சிசி. செய்ய வேண்டியது என்ன, யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று எதுவும் இல்லை. நாலு பேரும் மற்ற மூவரில் ஒருவர் பார்ப்பார் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து 'ஜென்டில் ரிமைண்டர்' வரும். அதுவும் பதினொரு பேருக்கு.

அதே விஷயத்தை இப்படி எழுதலாம். சப்ஜெக்ட்: 'முடிவு தேவை, வியாழன் 12 மணிக்குள்: ரசீதில் தேதி வடிவம்'. உள்ளே: 'கார்த்திகா, ரசீதில் மாதம் முதலில் வர வேண்டுமா, நாள் முதலில் வர வேண்டுமா? படிப்பவர்கள் அமெரிக்கர்கள் என்பதால் மாதம் முதலில் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். வியாழன் 12 மணிக்குள் வேறு கருத்து வராவிட்டால் அப்படியே செய்துவிடுகிறேன்.' ஒருவருக்கு மட்டும் முகவரி. அவருக்கு வேறு கருத்து இல்லையென்றால் பதில்கூட எழுத வேண்டாம். கடைசி வாக்கியம்தான் இந்த மெயிலின் உயிர்: பதில் வராததால் வேலை நிற்காது. ஆனால் திரும்ப மாற்றக்கூடிய சின்ன முடிவுகளுக்கு மட்டுமே இந்த முறை. பணம் சம்பந்தப்பட்டதற்கும், கிளையன்ட்டுக்குப் போய்ச் சேருவதற்கும் சம்மதம் எழுத்தில் வந்தாக வேண்டும்.

சிசி பற்றி மட்டும் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. யாரும் பொழுதுபோகாமல் மேனேஜரை சிசியில் போடுவதில்லை. நாளை ஏதாவது தவறினால், 'எனக்குத் தெரியாதே' என்று அவர் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம். சில நேரம் எதிராளி மீது மறைமுகப் புகாராகவும் அவர் பெயர் சேர்க்கப்படும். ஆக, 'சிசியைக் குறையுங்கள்' என்று சொல்வதால் சிசி குறையாது. மேனேஜர் வாய் திறந்து இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்: 'சிசியில் வருவதை நான் படித்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். என்னிடம் ஒரு காரியம் வேண்டுமென்றால் முகவரியில் என் பெயரைப் போடுங்கள். சிசி போடவில்லை என்பதற்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டேன்.' இரண்டாவது வாக்குறுதியை அவர் ஒரே ஒரு முறை மீறினாலும் பழைய சிசி பட்டியல் மறுநாளே திரும்பிவிடும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. மெயிலை மூடி வைத்தால் அவசரமான ஒன்று தவறிப்போகுமே? இதற்கு மருந்து, அவசரத்துக்கென்று ஒரே ஒரு வழியை ஒதுக்குவது. அவசரம் என்றால் போன் கால். மெயிலில் அவசரம் வராது. எது அவசரம் என்பதையும் எழுதிவிட வேண்டும்: வாடிக்கையாளரின் வேலை நின்றுபோயிருந்தால், அல்லது பணம் தவறாகப் போய்க்கொண்டிருந்தால். இந்த உறுதி இருந்தால்தான் ஒருவர் நிம்மதியாக மெயிலை மூட முடியும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்க விட்டார்கள். மூன்று முறை மட்டும் பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது என்று 2015-ல் வெளியான அந்த ஆய்வு சொன்னது.

அலுவலக நேரத்துக்குப் பிறகு வரும் மெயிலுக்கு ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 2011-ல் கண்ட வழி கறாரானது. ஷிஃப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் ஊழியர்களின் போனுக்கு மெயில் போவதை சர்வரிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாடுகளின் நேரத்தில் வாழும் டீமுக்கு அது ஒத்துவராது. இரவு பதினொரு மணிக்கு எழுதும் பழக்கமுள்ள மேனேஜர், ஜிமெயிலில் `Schedule send` போட்டுக் காலையில் போய்ச் சேரும்படி செய்துவிட்டால் போதும். எல்லோரும் சரியாக ஒன்பது மணிக்கே போடாதீர்கள், அப்புறம் ஒன்பது மணிக்கு அடைமழைதான்.

இத்தனையும் சேர்ந்தால் தாள் இப்படி இருக்கும்:

'புதன்கிழமை மாலை 6 மணி வரை நமக்குள் மீட்டிங் இல்லை. ரத்தான மீட்டிங்கை வியாழனுக்குத் தள்ள மாட்டோம். எழுத்தாக்குவோம் அல்லது விட்டுவிடுவோம். "ஒரு நிமிஷம் கால் பேசலாமா?" என்பதும் மீட்டிங்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் மாட்டிக்கொண்டால் கேட்பதற்காக மதியம் 2.30 முதல் 3 மணி வரை மூத்தவர் ஒருவர் இருப்பார். மெயிலில் முகவரியில் இருப்பவர் செய்ய வேண்டியவர், சிசியில் இருப்பவர் படித்தால் போதும். என்ன வேண்டும், எப்போதைக்குள் என்பது சப்ஜெக்டிலேயே இருக்கும். பதிலை மறு வேலைநாளுக்குள் எதிர்பார்க்கலாம், அதற்கு முன் நினைவூட்ட மாட்டோம். ஒரே விஷயம் மூன்று முறை போய் வந்துவிட்டால் எழுதுவதை நிறுத்திவிட்டு, சம்பந்தப்பட்ட இருவர் பேசி, முடிவை எழுதுவோம். அவசரம் என்றால் போன்.'

புதியவர்களுக்கான அந்த அரை மணி நேரத்தை விட்டுவிட வேண்டாம். அனுபவசாலிக்கு மீட்டிங் இல்லாத நாள் வரம். சேர்ந்து இரண்டு மாதமான பையனுக்கு, காலை பதினொரு மணிக்கு மாட்டிக்கொண்ட பிழையோடு மாலை வரை தனியே முட்டிக்கொள்ளும் நாளாகவும் அது ஆகலாம்.

ஆறு வாரம் கழித்து காலண்டரைத் திறந்து பாருங்கள். ஆறு புதன்களில் எத்தனை முழுதாகத் தப்பின? செவ்வாயும் வியாழனும் ஊதிப் பெருத்திருந்தால் மீட்டிங் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. தாளில் யாரும் பின்பற்றாத வரி இருந்தால் அடித்துவிடுங்கள், அது இருந்தால் மற்ற வரிகளுக்கும் மதிப்பிருக்காது.

பெரும்பாலும் முதலில் விதியை மீறுபவர் மேனேஜராகத்தான் இருப்பார், ஏனெனில் மீட்டிங் வைக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது. நீங்கள் அந்த நாற்காலியில் இருப்பவர் என்றால், தாளை டீமுக்கு அனுப்புவதற்கு முன்னால், வரும் புதன்கிழமை உங்கள் பெயரில் இருக்கும் மீட்டிங்கை முதலில் ரத்து செய்யுங்கள்.