ஒரு துளியில் அகப்படாத நுண்புழு: நாட் செறிவூட்டல் முறை

யானைக்கால் நோய் உள்ளதா என்று அறிய இரவில் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள்; நுண்புழு காணப்படவில்லை என்று முடிவு வந்தது. ஆயினும் மருத்துவர் மீண்டும் ஓர் இரவு வரச் சொல்லி, இம்முறை கை நரம்பிலிருந்து இரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார். ஒரு முறை இல்லையென்று வந்த பின் இரண்டாம் சோதனை ஏன் என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே.

யானைக்கால் நோயை உண்டாக்கும் முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் வாழ்கின்றன. பெண்புழு ஈனும் இளம்புழுக்களே மைக்ரோஃபைலேரியா எனப்படும் நுண்புழுக்கள். ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் நீளமுள்ள இவை இரத்தத்தில் மிதந்து திரிகின்றன. நம் நாட்டில் பெரிதும் காணப்படும் வகையில், பகலில் இவை நுரையீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை மிகுதியாக வெளி இரத்தத்துக்கு வருகின்றன. ஆகவேதான் எம்முறையாயினும் இரத்தம் இரவில் எடுக்கப்படுகிறது.

வழக்கமான தடித்த இரத்தப் பூச்சுக்கு 20 மைக்ரோலிட்டர் இரத்தமே போதும். ஒரு மில்லிலிட்டரில் இஃது ஐம்பதில் ஒரு பங்கு. நுண்புழுக்கள் மிகுதியாக இருந்தால் இச்சிறு துளியிலும் தென்பட்டுவிடும். குறைவாக இருந்தால் நிலைமை வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முப்பது வயதுள்ள ஒருவருக்கு அவ்வப்போது காய்ச்சலும் அரையில் நெறிகட்டுதலும் ஏற்படுகின்றன. அவருடைய இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு ஆறு நுண்புழுக்கள் உள்ளன என்று கொள்வோம். 20 மைக்ரோலிட்டர் துளி ஒன்றில் அவற்றுள் ஒன்றேனும் அகப்பட வாய்ப்பு ஏறக்குறைய ஒன்பதில் ஒன்றுதான். எஞ்சிய எட்டு முறையும், ஆய்வாளர் எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும், அந்தக் கண்ணாடி வில்லையில் புழு இராது. மேலும், தடித்த பூச்சைச் சாயமிடுமுன் சிவப்பு நிறம் நீங்க நீரில் கழுவும்போது அகப்பட்டவற்றிலும் சில மிதந்து போய்விடக்கூடும்.

இக்குறையைப் போக்கவே நாட் என்பார் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட செறிவூட்டல் முறை பயன்படுகிறது. உறையாமல் தடுக்கும் மருந்து சேர்த்த குழாயில் நரம்பு இரத்தம் எடுக்கப்படுகிறது. அதில் ஒரு மில்லிலிட்டரை, இரண்டு விழுக்காடு ஃபார்மலின் கரைசல் ஏறத்தாழ பத்து மில்லிலிட்டருடன் நன்கு கலக்கிறார்கள். பெரும்பகுதி நீரான இக்கரைசலில் சிவப்பணுக்கள் வெடித்துக் கரைகின்றன. நுண்புழுக்களோ கரையாமல், நீண்டு கிடந்த நிலையிலேயே இறந்து பதப்படுகின்றன. பிறகு குழாயைச் சுழற்றுபொறியில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் சுழற்றினால் அவை அடியில் வண்டலாகப் படிகின்றன. பொறி இல்லாத இடத்தில் இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தாலும் படியும். மேல்நீரை வடித்துவிட்டு, வண்டலை வில்லைகளில் பரப்பி, சாயமிட்டு நுண்ணோக்கியில் காண்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் இருந்த நுண்புழுக்கள் யாவும் இச்சிறு வண்டலில் கூடியிருப்பதால், நாம் கூறிய நோயாளியிடம் அந்த ஆறும் வெளிப்பட வாய்ப்புண்டு.

இம்முறையிலும் தவறு நேரக்கூடும். இரத்தம் உறைந்துவிட்டால் புழுக்கள் கட்டியில் சிக்கிக்கொள்ளும். வண்டலின் ஒரு பகுதியை மட்டும் பார்த்தால், செறிவூட்டியதன் பயன் குறைந்துவிடும். பகலில் எடுத்த இரத்தத்தில், எவ்வளவு செறிவூட்டினாலும், புழு கிடைக்காமல் போகலாம். நுண்புழுக்கள் இறந்திருப்பதால் அவற்றின் அசைவைக் காண இயலாது. உடலைச் சுற்றியுள்ள உறையையும் வால் நுனியையும் கொண்டே வகையை அறிகிறார்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. பல ஆண்டுகளாகக் கால் வீங்கியிருப்போர் பலரின் இரத்தத்தில் நுண்புழுவே இராது. எனவே அவர்களுக்கு நாட் முறையில் இல்லையென்று வந்தாலும் நோய் இல்லை என்று பொருளாகாது. மருத்துவர் உடற்சோதனையையும் பிற சோதனைகளையும் சேர்த்தே முடிவு செய்வார்.

இதற்கு மாறாக, வீக்கம் ஏதுமின்றி நலமாகத் தோன்றும் ஒருவரின் இரத்தத்திலும் நுண்புழு இருக்கலாம். அவரைக் கடிக்கும் கொசுவின் வழியே அது வீட்டிலுள்ள மற்றவரையும் அடையலாம். ஆகவே நரம்பு இரத்தம் கொடுக்க வரச் சொன்னால், குறித்த இரவு நேரத்திலேயே வாருங்கள்; முன்பு எடுத்த சோதனையின் முடிவுத் தாளையும், அது எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்ற விவரத்தையும் உடன் கொண்டு வாருங்கள். யானைக்கால் நோய்க்கான மருந்தை அண்மையில் உட்கொண்டிருந்தால் அதையும் மறவாமல் கூறுங்கள். அம்மருந்து இரத்தத்திலுள்ள நுண்புழுக்களைக் குறைத்துவிடும்.