கோடு விழுந்த துணிக்கு யார் பொறுப்பு? வலைப்பின்னல் நிறுவனங்கள் பற்றி ஒரு குறிப்பு

நிறுவன வடிவமைப்பு பற்றிய பாடங்களில் வழக்கமாக வரும் கேள்வி ஒன்று உண்டு: "மரபான அமைப்பு, வலைப்பின்னல் அமைப்பு, மெய்நிகர் அமைப்பு, எல்லையற்ற அமைப்பு ஆகியவற்றை ஒப்பிடுக." பதில்களில் பெரும்பாலும் ஒரு பட்டியல் வரும். மரபானது என்றால் மெதுவானது, மற்றவை வேகமானவை, நெகிழ்வானவை. அதோடு முடிந்துவிடும். எனக்கு இந்தப் பட்டியல் போதவில்லை. எந்த வேலையை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுத்தால் கையைச் சுடும் என்பதற்கு அதில் பதிலே கிடையாது. அதனால் நான் திருப்பூரை எடுத்துக்கொள்கிறேன். வலைப்பின்னல் அமைப்பைக் கண்ணால் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மரபான அமைப்பு என்றால் நூல் முதல் பெட்டி கட்டுவது வரை ஒரே முதலாளி, ஒரே கூரை, துறைக்கு ஒரு மேலாளர். வலைப்பின்னல் அமைப்பில் மையத்தில் ஒரு நிறுவனம் இருக்கும். வேலையின் பெரும்பகுதி வெளியே தனித்தனி முதலாளிகளிடம் நடக்கும். அந்தக் கூட்டணி ஒரு குறிப்பிட்ட வாய்ப்புக்காக மட்டும் சேர்ந்து, முடிந்ததும் கலைந்தால் அதை மெய்நிகர் அமைப்பு என்பார்கள். எல்லையற்ற அமைப்பு கொஞ்சம் வேறு. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் 1990 வாக்கில் அந்தச் சொல்லைப் பரப்பியபோது, அவர் முதலில் குறிவைத்தது துறைகளுக்கும் பதவிகளுக்கும் நடுவே நிற்கும் உள்சுவர்களை. வாடிக்கையாளரோடும் சப்ளையரோடும் உள்ள சுவர் அதற்குப் பிறகுதான். அதாவது வலைப்பின்னல் வேலையை வெளியே அனுப்புகிறது. எல்லையற்ற அமைப்பு இருக்கிறவர்களுக்கு நடுவே உள்ள தடுப்பை எடுக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் விடை குழம்பிவிடும்.

சரி, இப்போ ஒரு ஆர்டரைப் பார்ப்போம். வெளிநாட்டு பிராண்ட் ஒன்று 20,000 டீ-சர்ட் கேட்கிறது. ஒரு சட்டைக்குச் சேதாரத்தோடு 200 கிராம் துணி என்றால் மொத்தம் 4,000 கிலோ. ஏற்றுமதியாளர் நூலை வாங்கி நிட்டிங் யூனிட்டுக்கு அனுப்புகிறார். பின்னிய துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போகிறது, பிறகு காம்பாக்டிங். அதன்பின்தான் அவருடைய சொந்த யூனிட்டில் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். நடுவில் இருக்கிற எல்லாம் ஜாப் ஒர்க்: பொருள் ஏற்றுமதியாளருடையது, வேலை செய்கிறவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு செலான். அடுத்த ஆர்டருக்கு வேறு நிட்டர், வேறு பட்டறை இருக்கலாம். ஒவ்வொரு ஆர்டரும் ஒரு குட்டி மெய்நிகர் நிறுவனம்தான்.

இதன் லாபம் வெளிப்படை. சொந்தமாகச் சாய இயந்திரம் வாங்கிப் போட்டால் ஆர்டர் இல்லாத மாதத்திலும் அதற்கு வட்டி கட்டணும். ஜாப் ஒர்க்கில் வேலை இருந்தால்தான் செலவு.

தொல்லை எங்கே வருகிறது? காம்பாக்டிங் முடிந்து வந்த துணியை விரித்தால் 800 கிலோவில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிகின்றன. நிட்டரைக் கேட்டால், "நான் கொடுக்கும்போது துணி சுத்தமா இருந்துச்சு, சாயத்துல வந்த கோளாறு" என்பார். பட்டறைக்காரர், "வந்த துணியே அப்படி, நான் என்ன பண்ணட்டும்?" என்பார். நூல் மில்லோ, "எங்க கோன்ல குறை இல்லை" என்று சொல்லும்.

மூன்று பேரும் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. வட்டப் பின்னல் இயந்திரத்தில் பல நூல்கள் ஒரே நேரத்தில் உள்ளே போகும். ஒவ்வொன்றும் ஒரு வரிசையைப் பின்னும். அதில் ஒரு கோன் மட்டும் வேறு லாட்டைச் சேர்ந்ததாக இருந்தால், அந்த நூல் சாயத்தை வேறு அளவில் உறிஞ்சும். சாயம் போடாத துணியில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சாயத்துக்குப் பிறகுதான் கோடு எழும். தவறு நடந்தது ஒருவரிடம், அது கண்ணுக்குத் தெரிந்தது இன்னொருவரிடம்.

கண்டுபிடிக்க வழி உண்டு. கோடு ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் நிட்டிங் பக்கம்தான் முதலில் பார்க்கணும். கோட்டில் இருக்கும் நூலையும் பக்கத்தில் இருக்கும் நல்ல நூலையும் சம எண்ணிக்கைக் கண்ணிகளுக்குப் பிரித்து எடுத்து நீளத்தை அளக்கணும். நீளம் வேறுபட்டால் இயந்திரத்தின் இழுவிசையில் குறை. நீளம் ஒன்றாக இருந்தால் சந்தேகம் நூல் மேல். அந்த நூல் மில்லிலேயே கலந்து வந்ததா, நிட்டர் இரண்டு லாட்டைக் கலந்து மாட்டினாரா என்பதை அப்போதும் லாட் எண் பதிவுதான் சொல்லும். கோடே இல்லாமல் ஒரு ரோல் முழுக்க நிறம் தள்ளி இருந்தால் சாய லாட்டைப் பார்க்கணும்.

காரணம் தெரிந்தாலும் பணம் தீராது. கணக்குக்காக நூல் கிலோ 250 ரூபாய், பின்னல் கூலி 15, சாயக் கூலி 90 என்று வைத்துக்கொள்வோம். 800 கிலோ வீணானால் நஷ்டம் 2,84,000 ரூபாய். நிட்டருக்கு 4,000 கிலோ முழுவதற்கும் கிடைக்கும் கூலியே 60,000 ரூபாய்தான். டெபிட் நோட் போட்டால் எவ்வளவு பிடிக்க முடியும்? கூலிக்கு மேல் போனால் அவர் அடுத்த முறை வேலைக்கே வரமாட்டார். மிச்ச நஷ்டம் ஏற்றுமதியாளர் தலையில். ஒரே கூரை என்றால் அதே நஷ்டம் இருக்கும். ஆனால் நிட்டிங் மேலாளரும் டையிங் மேலாளரும் ஒரே முதலாளியிடம் பதில் சொல்வார்கள், லாட் புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்.

நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று 1937-இல் ரொனால்ட் கோஸ் கேட்ட கேள்விக்கு இது ஒரு நேரடி உதாரணம். சந்தையில் வேலை வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு என்றார் அவர். அந்தச் செலவின் பெரிய பங்கு இந்த மாதிரி இணைப்புகளில்தான் இருக்கிறது. ஆகவே நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இது: கைமாறும் இடத்திலேயே குறையைப் பார்க்க முடிகிற வேலையை வெளியே கொடுக்கலாம். எம்பிராய்டரி கோணலா இல்லையா என்பது வாங்கும்போதே தெரியும். குறை தாமதமாக, இன்னொருவர் கையில் வெளிப்படுகிற வேலையை உள்ளே வைத்துக்கொள்ளணும். இல்லையென்றால் இணைப்பில் சொந்த ஆள் நிற்கணும்: ஆர்டருக்கு ஒரே லாட் நூல், ஒவ்வொரு ரோலிலும் லாட் எண், மொத்தத் துணியையும் சாயத்துக்கு அனுப்பும் முன் ஒரு துண்டுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பது. எல்லையற்ற அமைப்பு என்ற எண்ணம் உதவுவதும் இங்கேதான். முதலாளிகள் வேறாக இருந்தாலும் லாட் பதிவேடு எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம்.

இந்த அளவுகோலுக்கும் ஒரு எல்லை உண்டு. 2011 ஜனவரியில், நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சாயத்தொட்டிகூட இல்லாத ஏற்றுமதியாளர்களின் ஆர்டர்களும் நின்றன. துணியை வெளியூர்களுக்கு அனுப்பிச் சாயமேற்ற வேண்டி வந்தது. கழிவு யாருடைய நிறுவன வரைபடத்திலும் கட்டமாக இல்லை. கூலியைக் குறைத்துப் பேசியவர், கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் பட்டறையின் தலையிலேயே விட்டிருந்தார். கீழே இருந்த விவசாயி அதைத் தண்ணீராகக் குடித்தார்.

மரபான அமைப்பா, வலைப்பின்னலா என்று கேள்வி வந்தால், கட்டங்களை வரைவதற்கு முன்னால் இரண்டு கைமாற்றங்களுக்கு நடுவே ஒரு குறை எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கும் என்று பாருங்கள். பிறகு, அது வெளியே வரும்போது அங்கே நிற்பவருக்கு அதைத் தாங்கும் சக்தி இருக்கிறதா என்று பாருங்கள்.